ஓட்டுநர் துணை வசதிகள்: எவற்றுக்குக் கூடுதல் பணம் தரலாம்?

செங்கல்பட்டு வட்டாரத்தில் கார் ஓட்டுபவர் பொதுவாக மூன்று வகைச் சாலைகளைப் பயன்படுத்துகிறார். முதலாவது, தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் செங்கல்பட்டு வரை நீளும் ஜி.எஸ்.டி. சாலை, பேருந்தும் கன்டெய்னர் லாரியும் இருசக்கர வாகனமும் நாள் முழுவதும் நெருக்கியடித்துச் செல்லும் பகுதி இது. இரண்டாவது, அதே சாலை பாலாற்றைக் கடந்து மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் வழியாகத் திண்டிவனம் நோக்கிச் செல்லும் பகுதி; இங்கு ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்ட முடிகிறது. மூன்றாவது, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையும், அங்கிருந்து கடலோரமாக வடக்கே கோவளத்துக்கும் தெற்கே கல்பாக்கத்துக்கும் பிரியும் கிழக்குக் கடற்கரைச் சாலையும். ஒரு வசதி பணத்துக்குத் தகுந்ததா என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. இம்மூன்றில் வாங்குபவர் எந்தச் சாலையில் அதிகம் ஓட்டுகிறார் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

இவ்வசதிகளைத் தொகுத்து 'அடாஸ்' என்ற பெயரில் விற்பது இந்தியச் சந்தையில் அண்மைக்கால வழக்கம். செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இயங்கும் மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாகி 2021இல் வெளிவந்த எக்ஸ்.யூ.வி.700, இவ்வசதிகளை நடுத்தர விலைக் கார்களுக்குக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று. அந்தக் காரிலும் சரி, பின்னர் வந்த பெரும்பாலான கார்களிலும் சரி, இவை தனித்தனியாக விற்கப்படாமல் மேல்நிலை வேரியண்ட்டில் மொத்தமாகவே கிடைக்கின்றன. ஆகவே தொகுப்பில் உள்ள பத்துப் பதினைந்து பெயர்களில் எவை உண்மையில் பயன்படும், அந்தச் சிலவற்றுக்காக முழுத் தொகுப்பின் விலையையும் தருவது தகுமா என்பதே வாங்குபவர் ஆராய வேண்டியது.

சட்டமே தந்துவிட்ட வசதி

பின்பக்கப் பார்க்கிங் சென்சார் என்பது பின் பம்பரில் பதிக்கப்பட்ட சிறு வட்டக் கருவிகளின் வரிசை. இவை மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தடையின் தூரத்தைக் கணிக்கின்றன. தடை நெருங்க நெருங்க 'பீப்' ஒலி விரைவடைந்து, இறுதியில் இடைவிடாது ஒலிக்கிறது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் கார்கள் அனைத்திலும் பின்னோக்கி எடுக்கும்போது எச்சரிக்கும் கருவி கட்டாயம். ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையும் வேக எச்சரிக்கை ஒலியும் அதே விதியின்படியே வந்தன. எனவே பின்பக்க சென்சாரை ஒரு சிறப்பு வசதியாகக் காட்டி விலை கூறப்பட்டால், அது மிகக் கீழ்நிலை வேரியண்ட்டிலும் இருப்பதே என்பதை வாங்குபவர் நினைவில் கொள்ள வேண்டும்.

கூடுதல் பணம் கேட்கப்படுவது பின்பக்கக் கேமரா, முன்பக்க சென்சார், காரை மேலிருந்து பார்ப்பதுபோல் திரையில் காட்டும் நான்குபுறக் கேமரா ஆகியவற்றுக்கு. இவற்றுள் பின்பக்கக் கேமராவுக்குத் தயங்காமல் செலவிடலாம். மீயொலி சென்சார் பம்பரின் உயரத்தில் உள்ள அகன்ற பரப்புகளை நன்கு உணரும். பம்பருக்குக் கீழே தாழ்ந்து கிடப்பதையும், மெல்லிய கம்பியையும், லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டத்தையும் தவறவிடக்கூடும். மாமல்லபுரத்தில் இக்குறை எளிதில் வெளிப்படும். சிற்பப் பட்டறைகளின் முன்னே முழங்கால் உயரத்துக்கும் குறைவான கருங்கல் பாளங்கள் கிடக்கின்றன; ஒத்தவாடைத் தெரு போன்ற குறுகலான தெருக்களில் வாசற்படிகள் சாலைவரை நீள்கின்றன. பின்னே வரும் காரின் சென்சார், அருகில் வந்தபின் பம்பருக்குக் கீழே மறைந்துவிடும் கல்லை உணராமல் மௌனமாகிவிடும். ஒலி நின்றதைக் கேட்ட ஓட்டுநர் தடை ஏதும் இல்லை என்று எண்ணிக் காரை மேலும் பின்னே எடுப்பார். கேமரா அந்தக் கல்லைத் திரையில் காட்டிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, காருக்குப் பின்னே அமர்ந்திருக்கும் குழந்தையையும் காட்டுகிறது.

முன்பக்க சென்சாரும் நான்குபுறக் கேமராவும் நீளமான கார்களுக்கும், குறுகலான வீட்டு வாயிலில் நாள்தோறும் நுழைய வேண்டியவர்களுக்கும் பயன்படும். சிறிய காருக்கு இவை வசதியே அன்றித் தேவை அல்ல. பின்பக்கக் கேமரா மட்டுமே வேண்டுமானால் அதற்காக மேல்நிலை வேரியண்ட் வாங்க வேண்டியதில்லை; சில ஆயிரம் ரூபாயில் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் வயரை வெட்டி ஒட்டாமல் காருக்குரிய கப்ளர் வழியாகவே இணைப்புத் தர வேண்டும். வெட்டப்பட்ட வயரிங்கைக் காரணம் காட்டி நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்க இடமுண்டு.

தானியங்கி அவசர பிரேக்

அடாஸ் தொகுப்பின் மதிப்பில் பெரும்பகுதி இந்த ஒரு வசதியிலேயே அடங்கியுள்ளது. முன்கண்ணாடியின் உட்புறம் பொருத்திய கேமராவோ, முன் பம்பரில் உள்ள ரேடாரோ, இரண்டும் சேர்ந்தோ முன்னே செல்லும் வாகனத்தின் தூரத்தையும் வேக வேறுபாட்டையும் இடைவிடாமல் கணித்துக்கொண்டிருக்கும். மோதல் நேரும் என்ற நிலை வந்ததும் முதலில் ஒலியும் ஒளியும் எழும். ஓட்டுநர் அதற்கும் பிரேக்கை மிதிக்காவிட்டால் காரே பிரேக்கைப் பிடிக்கும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்து, இவ்வசதியுள்ள கார்கள் முன்வாகனத்தின் பின்புறம் மோதுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளதாகக் கண்டது. எச்சரிக்கை மட்டும் தந்து பிரேக் பிடிக்காத கார்களில் அக்குறைவு நான்கில் ஒரு பங்கை ஒட்டியதாகவே இருந்தது. ஆகவே 'முன்மோதல் எச்சரிக்கை' என்று மட்டும் விவரத்தாளில் எழுதியிருந்தால், கார் தானாகப் பிரேக் பிடிக்குமா என்று கேட்டுத் தெளிவது அவசியம்.

ஜி.எஸ்.டி. சாலையின் வடபகுதியில் இதன் பயன் மிகுதி. கூடுவாஞ்சேரியில் முன்னே செல்லும் பேருந்து நிறுத்தத்துக்காகத் திடீரென இடப்புறம் ஒதுங்கி நிற்பதும், பரனூர்ச் சுங்கச்சாவடிக்கு முன் வாகன வரிசை எதிர்பாராத இடத்திலேயே தேங்கி நிற்பதும் வழக்கம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநரின் பார்வை ஒரு விநாடி கைப்பேசியின் பக்கமோ பின்னிருக்கைக் குழந்தையின் பக்கமோ திரும்பினால் பேருந்தின் நீளத்தை விடக் கூடுதலான தூரம் கவனமின்றிக் கழிந்துவிடுகிறது. அந்த ஒரு விநாடியை மீட்டுத் தருவதே இக்கருவியின் வேலை.

இதன் எல்லைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். பல கார்களில் இது முழு ஆற்றலுடன் செயல்படுவது நகர வேகத்திலும் நடுத்தர வேகத்திலும்தான்; நெடுஞ்சாலை வேகத்தில் மோதலின் வேகத்தைக் குறைக்குமே தவிர முழுமையாகத் தவிர்க்கும் என்று எதிர்பார்க்க இயலாது. இரவில் திண்டிவனம் சாலையோரம் விளக்கின்றி நிற்கும் பழுதான லாரி இவ்வகைக் கருவிகளுக்குக் கடினமான சோதனை. சாலையோரப் பெயர்ப்பலகையையும் பாலத்தின் சுவரையும் தடையென்று எண்ணி வீணாகப் பிரேக் பிடிக்காதிருக்க, அதிவேகத்தில் அசையாத பொருள்களின் எதிரொலியைப் பல ரேடார்கள் பொருட்படுத்துவதில்லை. நிற்கும் லாரியும் அந்த விலக்கில் சேர்ந்துவிடக்கூடும். இருசக்கர வாகனத்தையும் பாதசாரியையும் கருவி அடையாளம் காணுமா என்பது காருக்குக் கார் மாறுபடுவதால், வாங்கும் காரின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மேல்மருவத்தூரில் செவ்வாடை பக்தர்கள் கூட்டமாகச் சாலையோரம் செல்லும் நாள்களில் இவ்வேறுபாடு சிறிய செய்தி அல்ல.

நெரிசலில் இருசக்கர வாகனம் குறுக்கே நுழையும்போது கருவி தேவையின்றி எச்சரிப்பதும், சில வேளைகளில் சட்டென்று பிரேக் பிடிப்பதும் உண்டு. பின்னே ஒட்டி வரும் வாகனம் மோதும் அபாயம் அதனால் எழுகிறது. எச்சரிக்கை எவ்வளவு முன்கூட்டி வர வேண்டும் என்பதை முன்னதாக, இயல்பாக, தாமதமாக என்று மாற்றிக்கொள்ளும் அமைப்பு பெரும்பாலான கார்களில் இருக்கிறது. நகர்ப்பகுதியில் 'தாமதமாக' என்ற நிலையை வைத்துக்கொள்வது நல்லது. வசதியையே அணைத்துவிடுவது நல்லதன்று.

குரூஸ் கண்ட்ரோல்

குரூஸ் கண்ட்ரோல் இரு வகைப்படும். சாதாரண வகையில் ஓட்டுநர் ஒரு வேகத்தைக் குறித்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே கார் அவ்வேகத்தில் செல்லும். பிரேக்கையோ, கியர் மாற்றும் கார்களில் கிளட்சையோ தொட்டவுடன் அது விலகிக்கொள்ளும். முன்னே வாகனம் இருப்பது இதற்குத் தெரியாது. 'அடாப்டிவ்' எனப்படும் இரண்டாம் வகை ரேடார் அல்லது கேமராவின் உதவியால் முன்வாகனத்துடன் குறிப்பிட்ட இடைவெளியைக் காத்து, அது வேகம் குறைத்தால் தானும் குறைத்து, விலகியதும் மீண்டும் குறித்த வேகத்துக்கு வரும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்களில் சில முற்றிலும் நின்று மீண்டும் புறப்படவும் வல்லவை.

இரண்டாம் வகையின் சிக்கல் அந்த இடைவெளியிலேயே இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி என்பது ஏறக்குறைய 44 மீட்டர். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே அத்தனை இடம் காலியாக இருந்தால் ஒரு வேனோ ஆட்டோவோ அதில் நுழைந்துவிடும். உடனே கார் பிரேக் பிடித்துப் புதிய வாகனத்துடன் மறுபடி இடைவெளியை உண்டாக்கும். அதற்குள் அடுத்தது நுழையும். மிகக் குறைந்த இடைவெளியை அமைத்தாலும் இது முற்றாக நிற்பதில்லை. சற்று நேரம் பொறுத்துப் பார்க்கும் ஓட்டுநர் அதை அணைத்துவிட்டுத் தாமே ஓட்டத் தொடங்குவார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் வார இறுதிகளில் இதே நிலைதான். அங்கே யூ-டர்ன் திறப்புகளும், உணவகங்களிலிருந்து சாலைக்குள் நுழையும் கார்களும் சேர்ந்துகொள்கின்றன.

பாலாற்றுக்குத் தெற்கே நிலைமை மாறுகிறது. அதிகாலையில் செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டு விழுப்புரம், திருச்சி என்று செல்பவருக்கு இருவகையும் பயன்படுகின்றன. கால்வலி குறைவதுடன், தன்னையறியாமல் வேகம் கூடுவதும் தவிர்க்கப்படுகிறது. ஆனால் போக்குவரத்து குறைவாக உள்ள நேரத்தில் சாதாரண வகையே இவ்வேலைக்குப் போதுமானது. அது நடுநிலை வேரியண்ட்டிலேயே கிடைத்துவிடுகிறது. மாதத்தில் பலமுறை நெடுந்தூரம் செல்பவர், ஆட்டோமேட்டிக் கியர் கார் வாங்குபவராகவும் இருந்தால் மட்டுமே அடாப்டிவ் வகைக்குக் கூடுதல் தொகை தருவது பொருந்தும். எவ்வகை ஆயினும் வேகத்தடையையும், காவல்துறை வைத்த இரும்புத் தடுப்பையும், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனத்தையும் சமாளிப்பது ஓட்டுநரின் பொறுப்பே என்பதால், ஊர் எல்லை நெருங்கியதும் அதை விலக்கிவிடுவதே முறை.

தடம் விலகல் எச்சரிக்கை

முன்கண்ணாடிக் கேமரா சாலையில் வரைந்த வெள்ளை அல்லது மஞ்சள் கோடுகளைப் படித்து, இண்டிகேட்டர் போடாமல் கார் கோட்டைத் தாண்டினால் எச்சரிப்பது 'லேன் வார்னிங்'. ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிக் காரைத் தடத்துக்குள் கொண்டுவருவது அதன் அடுத்த படி. பல கார்களில் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்துக்கு மேல்தான் இது விழித்துக்கொள்ளும். கோடு தெரிந்தால்தான் இதற்கு வேலை. இவ்வட்டாரத்தில் கோடு தெரியாமல் போவதற்குக் காரணங்கள் பல. கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவரும் மணல் ஓரக்கோட்டை மூடிவிடுகிறது; அகலப்படுத்தும் பணி நடக்கும் பகுதிகளில் பழைய கோடு ஒரு திசையிலும் தற்காலிகப் பாதை வேறு திசையிலும் செல்கின்றன; மழை பெய்த இரவில் எதிர்வரும் விளக்கொளி ஈரச் சாலையில் பட்டுக் கோட்டை மறைக்கிறது. செங்கல்பட்டிலிருந்து காலையில் மாமல்லபுரம் செல்பவர் கிழக்கு நோக்கியும், மாலையில் திரும்புபவர் மேற்கு நோக்கியும் ஓட்டுவதால் இரு வேளையும் தாழ்ந்த சூரியன் கேமராவுக்கு நேரெதிரே நிற்கிறது.

திருக்கழுக்குன்றம் சாலையில் வேறொரு சிக்கலும் உண்டு. மிதிவண்டியையோ ஓரமாக நடப்பவரையோ தாண்டுவதற்கு ஓட்டுநர் சற்று வலப்புறம் ஒதுங்குவது அங்கு இயல்பான செயல். இண்டிகேட்டர் போடாமல் அவ்வாறு செய்தால் கருவி அதைத் தவறெனக் கொண்டு ஒலி எழுப்பும். ஸ்டியரிங்கைத் திருப்பும் வகையாயின், தவிர்க்க முயன்ற மிதிவண்டியின் பக்கமே காரை இழுக்கும். அந்த இழுவிசை சிறியது, கையால் எளிதில் வெல்லக்கூடியது. ஆயினும் பழகாத ஓட்டுநரை ஒரு கணம் திகைக்கச் செய்யும். ஒழுங்கான கோடுகள் கொண்ட அமெரிக்கச் சாலைகளிலும், இவ்வசதி தடம் விலகுவதால் நேரும் விபத்துகளைப் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே குறைத்ததாக மேற்கண்ட நிறுவனம் கணித்துள்ளது. திண்டிவனம் சாலையில் இரவில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு, கண் அசரும் கணத்தில் இது உதவக்கூடும். தொகுப்பில் சேர்ந்து வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதற்கென்று தனியே பணம் தர வேண்டியதில்லை.

இதனோடு ஒப்பிடுகையில், பின் பம்பரின் இரு முனைகளிலும் உள்ள ரேடாரைக் கொண்டு கண்ணாடியில் தெரியாத பகுதியில் வரும் வாகனத்தைக் காட்டும் 'பிளைண்ட் ஸ்பாட்' எச்சரிக்கை இங்கு கூடுதல் பயனுடையது, ஜி.எஸ்.டி. சாலையில் இடப்புறமாக முந்தும் இருசக்கர வாகனங்களே அதற்குக் காரணம். கார் பின்னோக்கிச் சாலைக்கு வரும்போது குறுக்கே வரும் வாகனத்தை எச்சரிக்கும் வசதியும் பெரும்பாலும் அதே ரேடாரைக் கொண்டே இயங்குவதால், கடற்கரைச் சாலை உணவகங்களிலிருந்து காரைப் பின்னே எடுக்கும்போது அது கைகொடுக்கும்.

விலைக் கணக்கு

ஷோரூமில் காட்டும் விலை வேறுபாடு உண்மையான வேறுபாடு அன்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுட்கால சாலை வரியின்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 விழுக்காடும், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 விழுக்காடும் வரி. அடாஸ் தொகுப்புக்காக ஒரு படி மேலே செல்லும்போது விலை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமன்றி முழு விலைக்கும் உயர்ந்த விகிதம் விழுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு காரின் நடுநிலை வேரியண்ட் 9,80,000 ரூபாய் என்றும், அடாஸ் உள்ள மேல்நிலை வேரியண்ட் 10,60,000 ரூபாய் என்றும் கொள்ளலாம். முதலாவதற்கு வரி 1,27,400 ரூபாய்; இரண்டாவதற்கு 1,90,800 ரூபாய். விலை வேறுபாடு 80,000 ரூபாய்தான். வரி வேறுபாடோ 63,400 ரூபாய். ஆகவே தொகுப்பின் உண்மை விலை 1,43,400 ரூபாய். காப்பீட்டுக் கட்டண உயர்வு இதற்கு மேல். இரு வேரியண்ட்டுகளும் 10 லட்சத்துக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும். எனவே ஒப்பிட வேண்டியது எப்போதும் ஆன்ரோடு விலையையே.

இக்கணக்கை இருவர்மீது பொருத்திப் பார்க்கலாம். செங்கல்பட்டில் வசித்து மறைமலைநகருக்கு நாள்தோறும் சென்று வருபவர் காலையும் மாலையும் நெரிசலில் ஓட்டுகிறார். தானியங்கி பிரேக்கும் பிளைண்ட் ஸ்பாட்டும் அவருக்கு ஒவ்வொரு நாளும் பயன்படுவதால், வரி எல்லையைத் தாண்டாத கார் கிடைக்குமாயின் தொகுப்புக்குப் பணம் தருவது தகும். மாமல்லபுரத்தில் வசித்து, உள்ளூரிலும் திருக்கழுக்குன்றச் சந்தைக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு அத்தொகை வீண். நடுநிலை வேரியண்ட்டும் நல்ல பின்பக்கக் கேமராவும் அவருக்குப் போதும்.

வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

சோதனை ஓட்டத்தை ஷோரூமைச் சுற்றிய சர்வீஸ் சாலையில் முடித்துக்கொள்ளாமல், வாங்குபவர் வழக்கமாகச் செல்லும் நெரிசலான பகுதியில் நடத்த வேண்டும். எச்சரிக்கை ஒலி எத்தனை முறை தேவையின்றி எழுகிறது, தடம் விலகல் எச்சரிக்கையை அணைத்தால் காரை மறுபடி இயக்கும்போது அணைந்தே இருக்கிறதா, தானாக மீண்டும் இயங்குகிறதா என்பவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். தானியங்கி பிரேக்கைச் சோதிக்க எந்த வாகனத்தையும் நோக்கி ஓட்டக் கூடாது.

வாங்கியபின் வரும் செலவை விற்பனையாளர் பெரும்பாலும் சொல்வதில்லை. கல் பட்டு முன்கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மாற்றுவதோடு வேலை முடியாது. கேமராவின் பார்வைக்கோணத்தை உரிய கருவியால் மறுபடி அளந்து திருத்த வேண்டும். அத்திருத்தம் செய்யப்படாத கேமரா தடத்தையும் தூரத்தையும் பிழையாகக் கணிக்கக்கூடும். பம்பர் இடிபட்டு மாற்றப்படும்போது ரேடாருக்கும் இதே விதி. ஆகவே காப்பீட்டில் கண்ணாடிக்கும் உணர்கருவிகளுக்கும் தேய்மானக் கழிவில்லாத பிரிவைச் சேர்ப்பதும், திருத்தத்துக்கான கட்டணம் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுவதும் நல்லது. கடலோரத்தில் வசிப்பவர் கேமரா வில்லையையும் சென்சார் முகப்புகளையும் வாரம் ஒருமுறையேனும் நன்னீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்; உப்பும் மணலும் படிந்த கருவி தடையே இல்லாதபோது ஒலிக்கும், அல்லது 'செயல்படவில்லை' என்று திரையில் எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். இரண்டாவது செய்தி தோன்றும் நாளில், துடைக்கும்வரை அந்தக் கார் எந்தத் துணை வசதியும் இல்லாத கார் என்றே கருதி ஓட்டப்பட வேண்டும்.